நல்ல பீஸ் படங்கள் மட்டும் இருக்கிறதா? ஆட்டோஎன்கோடரை வைத்துக் குறை பிடிக்கும் வழி

தொழிற்சாலையில் போய்க் கேட்டால் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது என்பார்கள். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாமே நல்ல பீஸ். காரணம் எளிது: பீஸை அனுப்புமுன் செய்த பரிசோதனையைக் காட்ட வாடிக்கையாளருக்குப் போகும் பிடிஐ ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்காக எடுத்த படங்கள் அவை, அதில் யாரும் கெட்ட பீஸைப் போட மாட்டார்கள். கெட்டதோ, வார்ப்பிரும்பாக இருந்தால் அன்றைக்கே ஸ்கிராப்பில் போய், உருகி, அடுத்த வார்ப்பில் கலந்திருக்கும்.

இந்த நிலைமையில் "நல்லது / கெட்டது" என்று பிரிக்கும் வழக்கமான மாடலைப் பழக்க முடியாது. ஆட்டோஎன்கோடருக்கு நல்ல படங்கள் மட்டும் போதும். ஒரு படத்தைக் கொஞ்சம் எண்களாகச் சுருக்கி, அந்த எண்களிலிருந்தே மறுபடி வரையப் பழகும் நெட்வொர்க் அது. நல்லதை மட்டுமே பார்த்துப் பழகியதால் பள்ளத்தையோ கீறலையோ அதற்கு வரையத் தெரியாது. அந்த இடத்தில் அசலுக்கும் வரைந்ததற்கும் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம்தான் குறை. கேட்க இவ்வளவுதான். செய்யும்போது எங்கெங்கே காலை வாரும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணமாக ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய பட்டறைகளில் ஓடும் வேலை: மோனோபிளாக் பம்பின் வார்ப்பிரும்பு மூடி, 110 மி.மீ. விட்டம், கேஸ்கெட் உட்காரும் முகத்தை லேத்தில் ஃபேசிங் செய்தது. அந்த முகத்தில் வார்ப்பில் காற்று மாட்டி வந்த ஓட்டையான ப்ளோ ஹோல், கீறல், அடிபட்ட டென்ட், டூல் படாமல் விட்டுப்போன கறுப்புத் திட்டு இவை இருந்தால் தண்ணீர் கசியும்.

## 1. முதலில் காகிதங்கள்

கேமரா வாங்குவதற்கு முன்னால் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று, ஏற்பு வரையறை. எவ்வளவு பெரிய ப்ளோ ஹோல் வரைக்கும் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார், ஒரு முகத்தில் எத்தனை இருக்கலாம், கேஸ்கெட் படும் வளையத்தில் ஒன்றாவது இருக்கலாமா? வரைபடத்தில் இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூடவே கியூசி பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட எல்லை மாதிரிகள் வேண்டும், அதாவது "இது வரைக்கும் ஓகே", "இதிலிருந்து ரிஜெக்ட்" என்று இரண்டு நிஜ பீஸ்கள். இது இல்லாமல் ஆரம்பித்தால் பின்னால் மாடல் ஒன்றைக் கெட்டது என்று சொல்லும்போது பகல் ஷிப்ட்காரர் ஆமாம் என்பார், இரவு ஷிப்ட்காரர் இல்லை என்பார். உங்களுக்குத் தீர்ப்பே கிடைக்காது.

இரண்டு, படம் எடுக்க அனுமதி. ரகசிய ஒப்பந்தம் போட்ட பாகமாக இருந்தால் படத்தை வெளியே இருக்கும் கிளவுட் கணினியில் ஏற்றுவதே மீறலாகிவிடலாம். அப்படியானால் பட்டறைக்குள்ளேயே ஜிபியு உள்ள கணினி ஒன்று வேண்டும், செலவுக் கணக்கு அங்கேயே மாறிவிடும்.

மூன்று, படப் பதிவேடு. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த லேத், டூல் முனையில் மாட்டும் இன்செர்ட்டை மாற்றி எத்தனையாவது பீஸ், வார்ப்பு எந்த ஃபவுண்டரியிலிருந்து வந்தது. ஃபைல் பெயரிலேயே இதை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அலுப்பான வேலைதான், ஆனால் ஐந்தாவது படியில் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

## 2. கணக்குப் போட்டுவிட்டுக் கேமரா வாங்குங்கள்

பிடிக்க வேண்டிய மிகச் சிறிய குறை 0.5 மி.மீ. ப்ளோ ஹோல் என்று வைப்போம். மூடி 110 மி.மீ., ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் பார்வைப் பரப்பு 128 மி.மீ. சாதாரண 5 மெகாபிக்சல் கேமராவின் படம் 2448 × 2048. குறுகிய பக்கமான 2048ஐ 128ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். ஆக அந்த ஓட்டை 8 பிக்சல் அகலம் வரும். போதும்.

இங்கேதான் பலரும் விழும் குழி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நிரல்கள் படத்தை முதலில் 256 × 256 ஆகச் சுருக்கும். சுருக்கினால் மில்லிமீட்டருக்கு 2 பிக்சல், உங்கள் ஓட்டை 1 பிக்சல். மாடல் பார்ப்பதற்கு முன்பே குறை காணாமல் போய்விட்டது. அதற்கப்புறம் எந்த நெட்வொர்க்கை மாற்றினாலும் பயனில்லை. அதனால் படத்தைச் சுருக்காமல், மூடி இருக்கும் 2048 × 2048 சதுரத்தை மட்டும் எடுத்து 256 × 256 துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டு 16 மி.மீ. சதுரம்.

கேமராவை விட ஒளிக்குத்தான் அதிக யோசனை வேண்டும். ஃபேசிங் செய்த முகத்தில் டூல் போன வளையக் கோடுகள் இருக்கும். சாதாரண ரிங் லைட் போட்டால் அந்தக் கோடுகள் பளபளத்து, பீஸுக்கு பீஸ் வேறு மாதிரித் தெரியும். எல்லாத் திசையிலிருந்தும் மென்மையாக விழும் டோம் லைட் அதை அடக்கும், ஓட்டை மட்டும் கறுப்பாக நிற்கும். ஆனால் ரொம்ப மெல்லிய கீறலையும் அது கொஞ்சம் அமுக்கிவிடும். எதைப் பிடிப்பது முக்கியம் என்று முதல் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். லைட் விற்பவர்களிடம் நல்லது இரண்டு, கெட்டது இரண்டு கொடுத்து, படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசு கேட்காமலே செய்து தருவார்கள். அந்தப் படத்தில் உங்கள் கண்ணுக்கே குறை தெரியவில்லை என்றால் அந்த லைட் வேண்டாம்.

கேமரா, லென்ஸ், லைட் மூன்றுக்கும் தனித்தனி விலைப்புள்ளி வாங்குங்கள். மொத்தமாக "விஷன் சிஸ்டம்" என்று ஒரே வரியில் தந்தால் எதற்கு எவ்வளவு என்றே தெரியாது. ஃபிக்சரை வெளியே வாங்க வேண்டாம், உங்கள் பட்டறையிலேயே இரண்டு லொகேட்டிங் பின் வைத்து அடித்துவிடலாம். மூடி எப்போதும் ஒரே கோணத்தில் உட்கார்ந்தால் பின்னால் பாதித் தலைவலி இல்லை.

## 3. படம் எடுப்பது

பழைய பிடிஐ படங்களை மறந்துவிடுங்கள். கைபேசியில், கையில் பிடித்து, வெவ்வேறு கோணத்தில் எடுத்தவை அவை. மாடல் மூடியைக் கற்பதற்குப் பதிலாக கோணத்தையும் நிழலையும் கற்கும்.

எக்ஸ்போஷர், கெயின் இரண்டையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். முகத்தின் வெளிச்ச மதிப்பு 255ஐத் தொடக்கூடாது, தொட்ட இடத்தில் கீறல் இருந்தாலும் தெரியாது. 150, 180 பக்கம் இருந்தால் சரி. வெளி வெளிச்சம் வராமல் பெட்டி போட்டு மூடுங்கள், ஷட்டர் கதவு திறந்திருக்கும் காலை நேரப் படமும் டியூப் லைட் எரியும் இரவுப் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் ஈரத்தோடு பீஸை வைக்காதீர்கள். ஏர் கன் அடித்து, துடைத்து, அப்புறம் வையுங்கள். லைனிலும் இதே மாதிரி துடைக்க ஆள் இருப்பாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காய்ந்த கூலன்ட் கறை மாடலுக்கு ப்ளோ ஹோல் மாதிரியே இருக்கும்.

எத்தனை படம்? இந்த மாதிரி ஒரு பாகத்துக்கு 500 மூடிகள் நல்ல தொடக்கம். ஆனால் ஒரே நாளில் ஒரே லேத்தில் வந்த 500ஐ விட, பல நாட்களில், புது இன்செர்ட்டிலும் தேய்ந்த இன்செர்ட்டிலும், இரண்டு மூன்று வார்ப்பு லாட்டுகளிலுமாக எடுத்த 300 சிறந்தது. நல்ல பீஸ் எப்படியெல்லாம் வேறுபடலாம் என்பதை மாடல் இங்கேதான் கற்கிறது. பழகாத வேறுபாடு எல்லாமே அதற்குக் குறைதான்.

## 4. கெட்டதைச் சேகரியுங்கள், இல்லையென்றால் செய்யுங்கள்

பழக்கக் கெட்டது தேவையில்லை. சோதிக்கக் கட்டாயம் தேவை. இதைச் சொல்லாமல் விட்டுவிடும் கட்டுரைகள் நிறைய. ஸ்கிராப் பக்கெட் பக்கத்தில் இன்னொரு பக்கெட் வைத்து, முகத்தில் குறை உள்ள மூடிகளை ஒரு மாதம் மட்டும் அதில் போடச் சொல்லுங்கள். 30 சேர்ந்தால் போதுமான ஆரம்பம்.

அதுவரை நீங்களே செய்யலாம். ஸ்கிரைபரால் ஒரு கீறல், சென்டர் பஞ்சால் ஒரு டென்ட், 0.5 மி.மீ. ட்ரில்லால் ஒரு ஓட்டை. செயற்கைக் குறை நிஜத்தை விடத் துலக்கமாகத் தெரியும், அதனால் அதில் வந்த தேர்ச்சியை முழுதாக நம்ப வேண்டாம். வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் அது. பஞ்ச் அடித்த பீஸ்களின் பக்கவாட்டில் பெயின்ட் மார்க்கரால் பெரிதாக எக்ஸ் போடுங்கள், தவறிப் போய் டிஸ்பாட்சில் கலந்தால் வம்பு.

## 5. பழக்குவது

500 மூடியில் 300ஐப் பழக்க, 200ஐத் தனியாக ஒதுக்குங்கள். பிரிப்பது மூடிவாரியாக, முடிந்தால் நாள்வாரியாக இருக்கட்டும். எல்லாத் துண்டுகளையும் கலக்கிவிட்டுப் பிரித்தால் ஒரே மூடியின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடும், சோதனை முடிவு பொய்யாக அழகாக வரும். பதிவேடு கேட்டது இதற்குத்தான்.

பைடார்ச்சில் மாடல் இவ்வளவுதான், கறுப்பு வெள்ளைத் துண்டின் பிக்சல் மதிப்புகளை 255ஆல் வகுத்து 0 முதல் 1 வரைக்குள் கொண்டுவந்து கொடுங்கள்:

```python
import torch.nn as nn

def down(i, o):
    return nn.Sequential(nn.Conv2d(i, o, 4, 2, 1), nn.LeakyReLU(0.2))

def up(i, o):
    return nn.Sequential(nn.ConvTranspose2d(i, o, 4, 2, 1), nn.LeakyReLU(0.2))

model = nn.Sequential(
    down(1, 32), down(32, 32), down(32, 64), down(64, 64),
    nn.Conv2d(64, 16, 4, 2, 1),        # 8 x 8 x 16 = 1024
    up(16, 64), up(64, 64), up(64, 32), up(32, 32),
    nn.ConvTranspose2d(32, 1, 4, 2, 1), nn.Sigmoid())
```

இதில் கவனிக்க வேண்டிய ஒரே வரி, நடுவில் 1024 என்று குறித்திருப்பது. உள்ளே வரும் துண்டு 256 × 256, அதாவது 65,536 எண்கள். நடுவில் 1024 ஆகச் சுருங்குகிறது, 64இல் ஒரு பங்கு. பலர் நகலெடுக்கும் நிரல்களில் நடுப்பகுதி 16 × 16 × 256 என்று இருக்கும். படம் பார்க்கச் சுருங்கின மாதிரித்தான் தெரியும், பெருக்கிப் பாருங்கள்: அதே 65,536. ஒன்றும் சுருங்கவில்லை. அந்த மாடல் எதைக் கொடுத்தாலும் அப்படியே திருப்பித் தரப் பழகிவிடும், ஓட்டையையும் சேர்த்து. யூநெட் மாதிரி சுருக்கும் பக்கத்திலிருந்து வரையும் பக்கத்துக்கு நேராகக் குறுக்கு இணைப்பு வைத்தாலும் இதே கதி, குறை அந்தக் குறுக்கு வழியில் போய்விடும்.

அசலுக்கும் வரைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் இழப்புக்கு `nn.L1Loss()` வைத்து ஆரம்பியுங்கள். வித்தியாசத்தை வர்க்கமாக்கி அளக்கும் எம்எஸ்இயை விடக் கொஞ்சம் கூர்மையாக வரையும். 300 மூடி என்றால், முகத்துக்கு வெளியே விழும் துண்டுகளைக் கழித்து, சுமார் 12,000 துண்டுகள் வரும். 8 ஜிபி ஜிபியு ஒன்றில் ஒரு இரவுக்குள் தாராளமாக முடியும்.

இழப்பு எண் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அது நல்ல படத்தை எவ்வளவு நன்றாக வரைகிறது என்றுதான் சொல்கிறது, கெட்டதை வரையத் தெரியாமல் இருக்கிறதா என்று சொல்லாது. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஸ்கிரைபர் கீறல் உள்ள ஒரு துண்டைக் கொடுத்து, அசல், வரைந்தது, வித்தியாசம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைந்த படத்திலும் கீறல் அப்படியே இருந்தால் நடு எண் அதிகம்: நிரலில் 16 வரும் இரண்டு வரியிலும் அதை 8 ஆக்குங்கள், அப்புறம் 4. கீறல் மறைந்துவிட்டது, ஆனால் வித்தியாசப் படத்தில் டூல் கோடுகளும் போல்ட் ஓட்டை ஓரங்களும் எல்லாம் எரிகின்றன என்றால் ரொம்பச் சுருக்கிவிட்டீர்கள், கொஞ்சம் ஏற்றுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

## 6. "நல்ல" படங்களைச் சலிப்பது

முதல் முறை பழக்கி முடித்ததும், பழக்கிய 300 மூடிகளையே மாடலுக்குக் கொடுத்து, அடுத்த படியில் சொல்லும் மதிப்பெண் அதிகம் வந்த முதல் 50ஐ எடுத்து கியூசி ஆளோடு உட்காருங்கள். அதில் சில, நல்லது என்று பெயர் வாங்கிய கெட்ட பீஸ்களாக இருக்கும். சில, துடைக்காமல் வைத்தவை. சில, நிஜமாகவே நல்லவை, ஆனால் தேய்ந்த இன்செர்ட்டில் வந்தவை. முதல் இரண்டு வகையைத் தூக்கிவிடுங்கள். மூன்றாவது வகையைத் தூக்காதீர்கள், அதே மாதிரி இன்னும் கொஞ்சம் படம் எடுத்துச் சேருங்கள். மறுபடி பழக்குங்கள். இந்தத் திட்டத்தில் விலை அதிகம் கேமராவுக்கு என்று நினைப்பார்கள், உண்மையில் கிடைக்காத பொருள் கியூசி ஆளின் அரை நாள். முன்கூட்டியே மேலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

## 7. மதிப்பெண் போடுவது

பலர் வித்தியாசப் படம் முழுவதுக்கும் சராசரி எடுப்பார்கள். எண்ணிலேயே பார்ப்போம். 8 பிக்சல் அகல ஓட்டை என்றால் சுமார் 50 பிக்சல். அங்கே பிழை 0.5, மற்ற இடமெல்லாம் 0.02 என்று வையுங்கள். ஒரு துண்டின் 65,536 பிக்சலுக்குச் சராசரி எடுத்தால் 0.0200 என்பது 0.0204 ஆகும், அவ்வளவுதான். முழு மூடிக்கு எடுத்தால் அதுவும் இருக்காது. வெளிச்சம் இம்மி மாறினாலே இதை விட அதிகம் ஆடும்.

அதற்குப் பதிலாக 7 × 7 கட்டத்தில் மட்டும் சராசரி எடுத்து, அதில் வரும் உச்சத்தை மதிப்பெண்ணாக வையுங்கள், நிரலில் x என்பது சோதிக்கும் துண்டுகள்:

```python
import torch
import torch.nn.functional as F

with torch.no_grad():
    err = (x - model(x)).abs()
    err = F.avg_pool2d(err, 7, stride=1, padding=3)
    score = err.amax(dim=(1, 2, 3))
```

அதே ஓட்டை இப்போது 0.46 பக்கம் வரும், சுற்றியிருக்கும் 0.02க்கு எதிரில் தனியாக நிற்கும். கட்டம் 1 × 1 ஆக இருந்தால் கேமரா இரைச்சலும் உச்சமாகிவிடும், 31 × 31 ஆனால் ஓட்டை கரைந்துவிடும். பிடிக்க வேண்டிய சிறிய குறையின் அளவுக்குக் கொஞ்சம் கீழே வைப்பது வசதி.

சோதிக்கும்போது துண்டுகளை 128 பிக்சல் தள்ளித் தள்ளி, பாதி ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வெட்டுங்கள். அப்போது படத்துக்கு 15 × 15, அதாவது 225 துண்டுகள் வரும். வெட்டு விளிம்பில் மாட்டிய குறையும் பக்கத்துத் துண்டில் நடுவில் வரும். ஜிபியுவில் இது சுமையே இல்லை. ஒரு மூடியின் துண்டுகளில் வரும் மிகப் பெரிய மதிப்பெண்தான் அந்த மூடியின் மதிப்பெண்.

போல்ட் ஓட்டைகளும் வெளி விளிம்பும் தொல்லை கொடுக்கும். ஃபிக்சரில் பீஸ் ஒரு பிக்சல் நகர்ந்தாலே விளிம்பில் பெரிய பிழை வரும். அங்கே ஒரு மாஸ்க் போட்டு, விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே வரை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடுங்கள். இதற்கு விலை உண்டு: விளிம்பில் உடைந்த சில்லை இந்த முறை பார்க்காது. அதை வட்ட அளவீடு மாதிரி வேறு எளிய முறையிலோ கண்ணாலோ பார்க்க வேண்டும், இதைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் எழுதியும் வையுங்கள்.

## 8. எல்லைக்கோடு

ஒதுக்கி வைத்த 200 நல்ல மூடிகளின் மதிப்பெண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மூன்றாவது மதிப்பை எல்லையாக வைத்தால் அதற்கு மேல் இரண்டு நல்ல பீஸ் மாட்டும், அதாவது 1 சதவீதம். ஷிப்ட்டுக்கு 1000 மூடி ஓடினால் 10 நல்ல மூடிகள் வீணாக நிற்கும், ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். அது அந்த லைனுக்குப் பரவாயில்லையா என்று உற்பத்திப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "ஆயிரத்துக்கு ஒன்று மட்டும்" என்று கேட்டால், 200 பீஸை வைத்துக்கொண்டு அப்படி ஒரு எல்லையை நிர்ணயிக்கவே முடியாது, இன்னும் ஆயிரக்கணக்கில் நல்ல பீஸ் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் 30 கெட்ட மூடிகளை விடுங்கள். முப்பதும் மாட்டினால் மேலாளரிடம் "நூறு சதவீதம்" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். 30இல் ஒன்றும் தவறவில்லை என்றால், தவறும் விகிதம் 10 சதவீதம் வரைக்கும்கூட இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத நம்பிக்கையில் புள்ளியியல் தரும் பதில். மூன்றைச் சோதித்த எண்ணிக்கையால் வகுத்தால் இந்த உச்ச வரம்பு தோராயமாக வந்துவிடும். 300 கெட்டது சேர்ந்து, அத்தனையும் மாட்டினால்தான் 1 சதவீதம் என்று பேச முடியும்.

தவறவிட்டவை இருந்தால் ஒவ்வொன்றாகப் படத்தைப் பாருங்கள். படத்திலேயே குறை தெரியவில்லை என்றால் கோளாறு லைட்டில், இரண்டாம் படிக்குப் போங்கள். படத்தில் தெரிகிறது, மாடல் அதையும் வரைந்துவிட்டது என்றால் நடு எண்ணைக் குறையுங்கள். லேசான கீறல் டூல் கோட்டின் திசையிலேயே போகிறது என்றால் அதை இந்த முறையில் பிடிப்பது கடினம், அங்கே போராடி நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். முன்பே பழகிய நெட்வொர்க்கின் அம்சங்களை ஒப்பிடும் பேட்ச்கோர் மாதிரி முறைகள் அப்படிப்பட்ட இடத்தில் பல நேரம் நன்றாக வரும், `pip install anomalib` போட்டால் அது உட்படப் பல முறைகள் கிடைக்கும். அதற்கும் இதே படங்கள், இதே ஒதுக்கீடு, இதே 30 கெட்டது போதும்.

## 9. லைனில் வைத்த பிறகு

முதல் மாதம் கண் பரிசோதனையை நிறுத்தாதீர்கள். மாடல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், இருவரும் வேறுபட்ட பீஸ்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்தத் தட்டில் சேர்வதுதான் உங்களுடைய அடுத்த சோதனைத் தொகுப்பு.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு சாம்பல் நிறத் தகட்டைப் படம் எடுத்து அதன் சராசரி வெளிச்சத்தைக் குறியுங்கள். முதல் நாள் 160, இப்போது 150 என்றால் லைட் மங்குகிறது அல்லது லென்ஸில் எண்ணெய்ப் படலம். பெரும்பாலும் எண்ணெய்தான். கூடவே, தேறிய மூடிகளின் மதிப்பெண்ணுக்கு வாரா வாரம் இடைமதிப்பு எடுங்கள். தகடு சரியாக இருந்தும் அது மெல்ல ஏறினால் இன்செர்ட், வேகம், வார்ப்பு இவற்றில் ஏதோ மாறியிருக்கிறது.

மறுபடி பழக்க வேண்டி வந்தால், மாடல் தேற்றிய பீஸ்களை அப்படியே பழக்கும் ஃபோல்டரில் கொட்டாதீர்கள். தவறவிட்ட குறைகளும் அதற்குள் இருக்கும், அடுத்த மாடல் அவற்றை நல்லது என்றே கற்கும். கியூசி பார்த்தது மட்டும் உள்ளே போகட்டும். ஃபவுண்டரி மாறினால் புது வார்ப்பில் 100 நல்ல மூடியைப் பழைய மாடலில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மாட்டினால் தொடரலாம். பத்து இருபது மாட்டினால் ஆறாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அதுவரை கண் பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன்பே சொல்லிவையுங்கள்.